அஃபிலியேட்டா, காசு கொடுத்து விளம்பரமா: சொந்தக் கடை நடத்தும் ஆன்லைன் விற்பனையாளருக்கான முழு வழிகாட்டி

சொந்த வெப்சைட்டில் பொருள் விற்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். மெட்டாவுக்கும் கூகுளுக்கும் தினமும் காசு கட்டுவதா, இல்லை நம் பொருளைத் தன் லிங்க் வழியாக விற்றுக் கொடுக்கிற அஃபிலியேட்டுக்குக் கமிஷன் கொடுப்பதா? பெரும்பாலானவர்கள் "கமிஷன் 10 சதவீதம்தானே, விற்றால்தானே கொடுக்கப் போகிறோம்" என்று கணக்குப் போட்டு இறங்கி, நாலு மாதம் கழித்துத் தங்களிடம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த ஆட்களுக்கே கமிஷன் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

உதாரணம் முழுக்க ஒரே கடைதான்: 1,800 ரூபாய்க்குக் கைத்தறிக் காட்டன் சேலை விற்கும் சின்ன ஆன்லைன் கடை. எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை, அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரு டெலிவரியில் கையில் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகவே கூடாது. கமிஷன் அதிகமா, விளம்பரச் செலவு அதிகமா என்பதற்கு இந்த ஒரு எண் இல்லாமல் பதில் கிடையாது.

சேலை 1,800 ரூபாய், இதில் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதை எடுத்துவிட்டால் 1,714. நெசவாளருக்கு 950, பேக்கிங் 40, கூரியர் 90, பேமென்ட் கேட்வே அல்லது சிஓடி கட்டணம் 45. மிச்சம் 589 ரூபாய்.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. சிஓடி வைத்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும் பார்சல்கள், நாம் ஆர்டிஓ என்று சொல்வது, கண்டிப்பாக இருக்கும். 100 ஆர்டரில் 20 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர கூரியரும் வீணான பேக்கிங்கும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 210 ரூபாய் போனால் மொத்தம் 4,200. கைக்குப் போய்ச் சேர்ந்த 80 சேலையில் கிடைத்தது 47,120. கழித்தால் 42,920. அதாவது டெலிவரியான ஒரு சேலைக்கு 536 ரூபாய்.

இந்த 536-க்குள்தான் விளம்பரமோ கமிஷனோ தள்ளுபடியோ, கடைசியில் உங்கள் லாபமோ எல்லாம் அடங்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

2. இரண்டு செலவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

விளம்பரம் க்ளிக்குக்குக் காசு வாங்குகிறது, அஃபிலியேட் விற்பனைக்குக் காசு வாங்குகிறார். இரண்டையும் "டெலிவரியான ஒரு ஆர்டருக்கு எவ்வளவு" என்று மாற்றினால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

விளம்பரத்தில் ஒரு க்ளிக் 6 ரூபாய், 100 பேர் வந்தால் ஒன்றரை பேர் வாங்குகிறார்கள் என்றால் ஒரு ஆர்டருக்கு 400 ரூபாய். டாஷ்போர்டும் 400 என்றுதான் காட்டும், ஏனென்றால் பார்சல் திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. 100-ல் 80-தான் டெலிவரி ஆகிறது என்பதால்:

```
ஆர்டருக்கு விளம்பரச் செலவு ÷ டெலிவரி விகிதம்
400 ÷ 0.80 = 500
```

536-ல் 500 போனால் 36 ரூபாய் மிச்சம். இதன் மேல் விளம்பரப் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம், பதிவு இல்லையென்றால் 500 என்பது 590 ஆகிவிடும். விற்பனை ஏறுகிறது ஆனால் வங்கிக் கணக்கில் பணம் இல்லை என்று புலம்புகிறவர்களின் கணக்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

இப்போது அஃபிலியேட். கமிஷன் 10 சதவீதம், அவருடைய கூப்பன் போட்டால் வாங்குகிறவருக்கு 5 சதவீதத் தள்ளுபடி என்று வைப்போம். வாங்குகிறவர் கட்டுவது 1,710, ஜிஎஸ்டி போக 1,629. இதில் கமிஷன் 163, தள்ளுபடியால் நீங்கள் இழந்தது 85. மொத்தம் 248 ரூபாய். தள்ளுபடியைச் சேர்க்காமல் "163-தான் செலவு" என்று நினைப்பது ரொம்பச் சகஜமான தவறு, அதுவும் உங்கள் பையிலிருந்து போகிற காசுதான். ஜிஎஸ்டி போன தொகைக்குத்தான் கமிஷன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், வரிப் பணத்துக்கும் சேர்த்துக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

248-ஐயும் 500-ஐயும் பார்த்தால் அஃபிலியேட் பாதி விலை. ஆனால் அந்த விற்பனையில் பாதி எப்படியும் உங்களிடம் வந்திருக்கும் என்றால்? அப்போது உண்மையில் புதிதாகக் கிடைத்த ஒரு ஆர்டருக்கு நீங்கள் கொடுத்தது 248 இல்லை, 496. விளம்பரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மீதி எல்லாப் படிகளும் இந்தப் "பாதி"யைக் குறைப்பதற்காகத்தான்.

3. முதலில் சின்னதாக விளம்பரம், அப்புறம் அஃபிலியேட்

நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். காசு இல்லை, அதனால் அஃபிலியேட்டில் ஆரம்பிக்கிறோம் என்பார்கள். நியாயமாகத் தெரிந்தாலும் வேலைக்கு ஆகாது.

விளம்பரத்தில் எல்லாக் கட்டுப்பாடும் உங்கள் கையில். எந்த வார்த்தை, எந்தப் படம், எந்த ஊர், எவ்வளவு நேரம் என்று எல்லாம் நீங்கள் முடிவு செய்வது, பிடிக்கவில்லையென்றால் உடனே நிறுத்தலாம். அதனால் உங்கள் விற்பனைப் பக்கத்தில் எது வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள விளம்பரம்தான் சரியான இடம். துணியின் நெருக்கமான படம் வைத்தால் வாங்குகிறார்களா, ஒருவர் கட்டிக்கொண்டு நடக்கும் வீடியோ வைத்தால் வாங்குகிறார்களா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். மெட்டாவில் ஒரு ஆட் செட்டுக்கு வாரத்துக்கு ஐம்பது வாக்கில் கொள்முதல் வந்தால்தான், யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று அது பழகிக்கொள்ளும் கற்றல் கட்டம் முடியும். எனவே சின்ன பட்ஜெட்டை ஏழு எட்டு ஆட் செட்டாகப் பிரிக்காமல் ஒன்றிரண்டில் வையுங்கள்.

பக்கம் விற்காத நிலையில் நல்ல அஃபிலியேட்டைக் கூப்பிட்டால் இன்னொரு சேதமும் உண்டு. அவர் 500 பேரை அனுப்புகிறார், இரண்டு ஆர்டர் விழுகிறது, அவருக்கு 326 ரூபாய் கிடைக்கிறது. அடுத்த தடவை உங்கள் போனை எடுக்க மாட்டார். "எங்கள் பக்கத்துக்கு 100 பேர் வந்தால் ஒன்றரை பேர் வாங்குகிறார்கள்" என்று அவரிடம் காட்ட எண் இருக்க வேண்டும், அந்த எண் விளம்பரத்திலிருந்துதான் வரும்.

4. விதிகளை எழுதுங்கள், ஆள் தேடுவதற்கு முன்பே

பிராண்டுக்கு வரும் ஆபத்து ஏறக்குறைய முழுவதும் இந்தப் படியைத் தாண்டிப் போனதால் வருவது. வாட்ஸ்அப்பில் "10 சதவீதம் ஓகேவா" "ஓகே" என்று முடித்துவிட்டு, பிரச்சினை வந்த பிறகு விதி சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும். அதில் நான்கு விஷயம் கட்டாயம் இருக்கட்டும்.

முதலாவது, உங்கள் கடைப் பெயரை வைத்துத் தேடல் விளம்பரம் போடக்கூடாது. யாரோ கூகுளில் உங்கள் கடைப் பெயரையே தேடுகிறார், அதாவது வாங்க முடிவு செய்துவிட்டார். அஃபிலியேட் அந்தப் பெயரில் விளம்பரம் போட்டுத் தன் லிங்க் வழியாகத் திருப்பிவிட்டால் சும்மா கமிஷன் அவருக்கு. நீங்களும் அதே பெயருக்கு விளம்பரம் போடுகிறீர்கள் என்றால் உங்களோடு ஏலத்தில் நின்று உங்கள் க்ளிக் விலையையும் ஏற்றுவார். உங்கள் பெயர் பதிவான வர்த்தகச் சின்னமாக இருந்து நீங்கள் புகார் கொடுத்தால் விளம்பர வாசகத்தில் அந்தப் பெயர் வருவதை கூகுள் கட்டுப்படுத்தும். ஆனால் தேடல் சொல்லாக அதை வாங்குவதைத் தடுக்காது. அதனால் உங்கள் ஒப்பந்தம்தான் ஒரே தடுப்பு. பெயரின் எழுத்துப்பிழை வடிவங்களையும், பெயரோடு "கூப்பன்", "ஆஃபர்" சேர்ந்து வருவதையும் தடைப் பட்டியலில் எழுதுங்கள்.

இரண்டாவது, கூப்பன் தளங்களிலும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனிலும் உங்கள் கூப்பன் கோடைப் போடக்கூடாது. வாங்குகிறவர் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்த பிறகு கூப்பன் தேடிப் போய், அந்தத் தளத்தின் லிங்க்கை அழுத்தித் திரும்பி வருகிறார். கடைசி க்ளிக்குக்குத்தான் கமிஷன் என்பதால் அவரை உண்மையில் அழைத்து வந்த யூடியூபருக்கு ஒன்றும் கிடைக்காது, கூப்பன் தளத்துக்கு முழுக் கமிஷன். 2024 டிசம்பரில், கூப்பன் தேடிக் கொடுக்கும் ஹனி எக்ஸ்டென்ஷன் மீது, மற்றவர்களின் அஃபிலியேட் லிங்க்கைத் தன்னுடையதாக மாற்றிக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு பெரிதாக வெடித்தது. 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இந்த விஷயத்தில் கடுமையாக்கியது. சின்னக் கடைக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள், பொதுவான கூப்பன் கோடு ஒன்று வெளியே போனால் சில நாட்களில் அது ஏதாவது ஒரு தளத்தில் வந்துவிடும்.

மூன்றாவது, பொருளைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது. விற்பனைக்குக் கமிஷன் என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆசை யாருக்கும் வரும். "சாயம் போகவே போகாது", "முழுக்க இயற்கைச் சாயம்" என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், முதல் துவைப்பில் வெளுத்தால் திட்டு வாங்குவது நீங்கள். இன்னொரு உதாரணம்: காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கட்டம் போட்ட காட்டன் சேலையை எல்லாம் அந்தப் பெயரில் அழைத்து ஒருவர் விற்றால் அது வெறும் மிகைப்படுத்தல் இல்லை, சட்டச் சிக்கல். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும், அதில் தயாரிப்பாளரும் வருவார், பரிந்துரைத்தவரும் வருவார். அதனால் சொல்லலாம் என்ற வரிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்த ஊர் நெசவு, என்ன நூல், எத்தனை மீட்டர், முதல் துவைப்பைத் தனியாகச் செய்ய வேண்டும் என்பது உட்பட.

நான்காவது, காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்று அவர் தெரிவிக்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கேட்கிறது. தமிழில் பேசுகிற வீடியோவில் தமிழிலேயே, வீடியோவுக்குள்ளேயே சொல்லச் சொல்லுங்கள். விவரப் பெட்டியின் அடியில் ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளித்துவைப்பது போதாது.

5. பின்தொடர்வதற்கு லிங்க்கும் வேண்டும், கோடும் வேண்டும்

ஒவ்வொருவருக்கும் தனி லிங்க், தனி கூப்பன் கோடு. இரண்டும் எதற்கு? யூடியூபில் பார்த்துவிட்டு மறுநாள் வேறு போனில் வாங்குகிறவரை லிங்க் பிடிக்காது, கோடு பிடிக்கும். கோடு வெளியே கசிந்தால் அது கோடுக்குத் தெரியாது, லிங்க்கில் க்ளிக் இல்லாமல் கோடு மட்டும் குவிவதை வைத்து நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

```
https://example.com/?ref=MEENA&utm_source=affiliate&utm_campaign=MEENA
```

லிங்க்கை அழுத்தியவர் யார் வழியாக வந்தார் என்று அவருடைய பிரவுசரில் நினைவு வைக்கும் சின்னப் பதிவுதான் குக்கீ. அது எத்தனை நாள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 1,800 ரூபாய்ச் சேலைக்கு யாரும் ஒரு மாதம் யோசிப்பதில்லை, ஏழு நாள் போதும் என்பது என் அபிப்பிராயம். 30 நாள் வைத்தால் அதற்குள் உங்கள் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து வாங்கியதற்கும் கமிஷன் கொடுப்பீர்கள்.

கூப்பன் கோடை முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்படி வையுங்கள். தள்ளுபடியாகக் கொடுக்கும் 85 ரூபாயில் ஒரு பகுதி ஆர்டிஓ குறைவதால் திரும்பி வந்துவிடும். இப்படி வைத்தால் முதல் படியில் போட்ட 536-ம் அஃபிலியேட் ஆர்டர்களுக்குக் கூடும், அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

பழைய வாடிக்கையாளருக்கு என்ன கமிஷன் என்பது இன்னொரு கேள்வி. புதியவருக்கு 10 சதவீதம், ஏற்கெனவே வாங்கியவருக்கு 3 என்று வைக்கலாம். போன் எண்ணை வைத்துப் பார்த்தாலே யார் பழையவர் என்று தெரிந்துவிடும். இந்த ஒரு விதி இரண்டாம் படியில் சொன்ன "பாதி"யை நிறையக் குறைக்கும்.

6. எல்லோரையும் சேர்க்காதீர்கள்

"எங்கள் அஃபிலியேட் ஆகுங்கள்" என்று வெப்சைட்டில் ஒரு படிவம் திறந்துவைத்தால் முதலில் வருவது கூப்பன் தளங்களும், உங்கள் வாடிக்கையாளர்கள் தங்களுக்கே தள்ளுபடி எடுக்கப் போடும் கணக்குகளும்தான். படிவம் வேண்டாம். சேலை கட்டிப் பேசுகிறவர்கள், ஆசிரியைகளுக்கு உடை யோசனை சொல்கிறவர்கள் என்று நீங்களே தேடி ஐந்தாறு பேரைப் பிடியுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கையை விடக் கருத்துகளில் "எங்கே வாங்கினீங்க, என்ன விலை" என்று கேட்கிறார்களா என்பதைப் பாருங்கள், அது இருந்தால் விற்கும்.

ஒரு சேலையைக் காசு வாங்காமல் அனுப்புங்கள். பொருளைத் தொடாமல் பேசுகிறவர் பக்கத்தில் எழுதியதைத்தான் வாசிப்பார்.

7. பணத்தை எப்போது கொடுப்பது

ஆர்டர் விழுந்ததும் கொடுக்கக் கூடாது. டெலிவரி ஆகி, உங்கள் ரிட்டர்ன் நாட்களும் முடிந்த பிறகுதான் அந்தக் கமிஷன் உறுதி. ஏழு நாள் ரிட்டர்ன், கூரியருக்கு ஒரு வாரம் என்றால், ஒரு மாத விற்பனைக்கு அடுத்த மாதம் 20-ம் தேதி என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்த பார்சலுக்குக் கொடுத்த கமிஷனைத் திருப்பிக் கேட்பது உறவைக் கெடுக்கும், நடக்கவும் நடக்காது.

விளம்பரத்தோடு ஒப்பிட்டால் இதுதான் அஃபிலியேட்டின் உண்மையான பலம். மெட்டா முதலிலேயே காசை எடுத்துக்கொள்கிறது, பார்சல் திரும்பி வந்தாலும் தராது. அஃபிலியேட்டில் சேலைக்கான காசு உங்கள் கையில் வந்த பிறகுதான் செலவு. முதலீடு குறைவாக உள்ள கடைக்கு இந்த இடைவெளி பெரிய உதவி.

கமிஷனுக்கு டிடிஎஸ் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து விகிதம் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது, 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். தனிநபராக வியாபாரம் செய்து முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டவில்லை என்றால் இந்தக் கடமை உங்களுக்கு இல்லை. எதற்கும் ஆரம்பத்திலேயே ஒவ்வொருவரின் பான் எண்ணை வாங்கிவையுங்கள், பிறகு துரத்துவது கஷ்டம்.

8. வாரம் ஒரு முறை என்ன பார்க்க வேண்டும்

நாலு அடையாளம் பார்த்தால் போதும், அரை மணி நேர வேலை.

ஒருவரின் லிங்க்கில் வந்தவர்களில் வாங்குகிறவர்கள் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தால் சந்தேகப்படுங்கள். வீடியோ பார்த்து வந்தவர்களில் 1 முதல் 2 சதவீதம் வாங்குகிற கடையில் ஒருவருக்கு மட்டும் 15 சதவீதம் என்றால், அவர் வாங்க முடிவு செய்துவிட்ட ஆட்களைக் கடைசி நிமிடத்தில் பிடிக்கிறார் என்று அர்த்தம். க்ளிக்குக்கும் பணம் கட்டியதற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லாத ஆர்டர்கள் நிறைய இருந்தால் அதே கதை.

எதிர்மாறாக, ஆயிரக்கணக்கில் க்ளிக், ஒரு பக்கம்கூடத் திறந்து பார்க்கவில்லை, ஆனால் சில நாள் கழித்து ஆர்டர் மட்டும் அவர் பெயரில் விழுகிறது என்றால், பார்க்கிறவருக்குத் தெரியாமலே குக்கீ ஒட்டும் வேலையாக இருக்கலாம்.

பழைய வாடிக்கையாளர் பங்கைப் பாருங்கள். கடையின் மொத்தத்தில் 30 சதவீதம் பழையவர்கள், ஒருவருடைய கணக்கில் மட்டும் 70 என்றால் அவர் புதியவர்களைக் கொண்டுவரவில்லை.

அப்புறம் உங்கள் கடைப் பெயரை கூகுளில் தேடிப் பாருங்கள், மறைநிலை விண்டோவில். இதில் ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தெரியாது: விதியை மீறுகிறவர்கள் கடை இருக்கும் ஊரைத் தவிர்த்து, ராத்திரியிலும் விடுமுறையிலும் மட்டும் விளம்பரம் ஓட்டுவார்கள். நீங்கள் மதுரையில் இருந்தால் உங்கள் திரையில் வரவே வராது. பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கும் தெரிந்தவரிடம் இரவு பதினொரு மணிக்குத் தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் மெட்டாவின் ஆட் லைப்ரரியிலும் உங்கள் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

9. நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மெட்டா, கூகுள், அஃபிலியேட் மூன்றும் காட்டும் விற்பனையைக் கூட்டினால் உங்கள் உண்மையான விற்பனையைவிட அதிகமாக வரும், ஏனென்றால் ஒரே ஆர்டரை மூவரும் தங்களுடையது என்பார்கள். மெட்டா வழக்கமாக க்ளிக் செய்த ஏழு நாளுக்குள்ளும், வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளும் நடந்ததைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. டாஷ்போர்டை வைத்து ஒப்பிட்டால் அதனால் முடிவு வராது.

மூன்று வாரம் ஒரு அஃபிலியேட்டின் கோடை மட்டும் நிறுத்திவையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டே. பண்டிகை இல்லாத மாதமாகப் பாருங்கள், ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி முன்னாலோ செய்தால் ஒன்றும் புரியாது. அவர் பெயரில் வாரம் 12 ஆர்டர் வந்துகொண்டிருந்தது, நிறுத்திய பிறகு கடையின் மொத்த ஆர்டர் வாரத்துக்கு 4-தான் குறைந்தது என்றால், அவர் உண்மையில் கொண்டுவந்தது நாலு. ஒரு ஆர்டருக்கு 248 என்று வாரம் 2,976 கொடுத்து நாலு ஆர்டர் வாங்கியிருக்கிறீர்கள், ஒன்றுக்கு 744. அது 536-ஐத் தாண்டிவிட்டது, அவரைத் தொடர முடியாது. 10 குறைந்தால் ஒன்றுக்கு 298, அவரை விடாதீர்கள், கமிஷனை 12 ஆக்கினாலும் தகும். சின்னக் கடையில் வாரத்துக்கு வாரம் தானாகவே ஏற்ற இறக்கம் இருக்கும், அதனால் ஒன்றிரண்டு ஆர்டர் வித்தியாசத்தை வைத்து யாரையும் நீக்கிவிடாதீர்கள்.

விளம்பரத்துக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், முக்கியமாக உங்கள் சொந்தக் கடைப் பெயரில் ஓடும் கூகுள் விளம்பரத்துக்கும், ஏற்கெனவே வந்து போனவர்களுக்குத் திரும்பக் காட்டும் விளம்பரத்துக்கும். ஈபே 2012-ல் தன் பெயருக்கான தேடல் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தபோது, போனதாக நினைத்த க்ளிக்குகள் ஏறக்குறைய முழுவதும் இலவசத் தேடல் முடிவு வழியாகவே வந்துவிட்டன. ஈபே எல்லோருக்கும் தெரிந்த பெயர், உங்கள் பெயரில் போட்டியாளர் யாராவது விளம்பரம் போட்டிருந்தால் உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். அதனால்தான் நீங்களே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இந்தச் சோதனைக்குப் பிறகு பட்ஜெட்டைப் பிரிப்பது சுலபம். புதிய டிசைனைச் சோதிக்க, ஸ்டாக் தேங்கினால் வேகமாகத் தள்ள, பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் என்று வேகமும் கட்டுப்பாடும் தேவைப்படும் இடத்தில் விளம்பரம். துணியைத் தொட்டு, கட்டிக் காட்டி விளக்கினால்தான் விற்கும் சேலைகளுக்கு, சோதனையில் தேறிய அந்த இரண்டு மூன்று பேர். தேறாதவரின் கோடை நிறுத்தும்போது அதுவரை டெலிவரியானதற்கு உரிய கமிஷனை முழுதாகக் கொடுத்துவிடுங்கள், அவருடைய பழைய வீடியோக்களில் உள்ள லிங்க் உடைந்து நிற்காமல் சேலைப் பக்கத்துக்கே போகும்படி திருப்பியும் வையுங்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து ஆட்கள் இன்னும் பல மாதம் வந்துகொண்டிருப்பார்கள்.